நிபா சந்தேகம் வந்தால் சேலத்தில் என்ன நடக்க வேண்டும்?

வௌவாலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நிபா வைரஸ் கேரளத்தில் வந்துவிட்டது என்று செய்தி வந்ததுமே ஏற்காட்டில் வௌவால் தொங்கும் மரங்களைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிடும். ஆனால் இந்தியாவில் இந்த நோய் அதிகம் பரவிய இடம் மருத்துவமனை. 2001-ல் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு நோய் வந்து 45 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் முக்கால்வாசிப்பேர் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களும்தான். 2018-ல் கோழிக்கோட்டிலும் முதல் நோயாளி என்ன நோய் என்று தெரியாமலே இறந்தார். அதே குடும்பத்தில் அடுத்தவர் படுத்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. அதற்குள் வார்டிலும் ஸ்கேன் அறை வராந்தாவிலும் அருகில் இருந்தவர்களுக்குத் தொற்றியிருந்தது. 19 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

இப்படித் தொடங்கும் நோயைச் சீக்கிரம் பிடிப்பதற்குத்தான் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்டந்தோறும் அதற்கு ஒரு கண்காணிப்புப் பிரிவு உண்டு. கிராம சுகாதார செவிலியர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று வழிகளில் தகவல் அங்கே போய்ச் சேரும். தனியார் கிளினிக்கும் இதில் அடக்கம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மலப்புறத்தில் கட்டட வேலை பார்க்கும் ஒருவர் ஏற்காடு மலைக் கிராமத்துக்கு வருகிறார். வந்த ஐந்தாம் நாள் காய்ச்சல், தலைவலி. ஏழாம் நாள் பேச்சு குழறுகிறது, இருமலும் இருக்கிறது. வீட்டார் ஏற்காடு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறார்கள்.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கடந்த மூன்று வாரத்தில் எங்கே போயிருந்தீர்கள்?" நோய் வெளிப்படப் பெரும்பாலும் 4 முதல் 14 நாள் ஆகும், சிலருக்கு 21 நாள்கூட ஆகலாம். அதனால்தான் மூன்று வாரக் கணக்கு. மருத்துவர் கேட்காவிட்டால் வீட்டாரே சொல்லிவிடுங்கள். நிபா பரவியிருக்கும் ஊரிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சலோடு மனக்குழப்பமோ வலிப்போ மூச்சுத்திணறலோ இருந்தால், அதுவே சந்தேக நோயாளி என்று எடுத்துக்கொள்ளப் போதும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே முகக்கவசம் போட்டுத் தனி அறைக்கு மாற்றி, மாவட்டப் பிரிவுக்குப் போன் செய்ய வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்புவதானால், ஆம்புலன்ஸ் கிளம்பும் முன்பே அங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் அவர் நேராகக் கூட்டம் நிறைந்த அவசரப் பிரிவுக்குள் போய்விடுவார்.

தொண்டைச் சளி, ரத்தம், சிறுநீர் மாதிரிகள் பரிசோதனைக்குப் போகும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம்தான் இதற்கான முதன்மை ஆய்வகம்.

வார்டில் உடன் இருப்பவர் விஷயத்தில்தான் நம்மூரில் சிக்கல் வரும். வாந்தியைத் துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் வீட்டார் வேலை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். நிபா பரவுவது உமிழ்நீர், சளி, சிறுநீர் வழியாக என்பதால் அந்தப் பழக்கம் இங்கே ஆபத்து. வீட்டாரை வெளியே இருக்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம். ஆனால் நோயாளியின் நிலையைத் தினமும் யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. உள்ளே போகும் ஊழியருக்கு என்-95 முகக்கவசம், கண்ணாடி, முழு அங்கி, கையுறை தேவை. துப்புரவுப் பணியாளருக்கும் அதே கவசம்தான். அவரை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

அப்புறம் தொடர்பில் இருந்தவர்களின் பட்டியல். அது காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எழுதப்படும். நம் உதாரணத்தில் அவர் மலப்புறத்திலிருந்து வந்த பேருந்தில் பயணித்தவர்கள் பட்டியலில் வர மாட்டார்கள், அன்று அவருக்குக் காய்ச்சலே இல்லை. மனைவி, தாய், ஊசி போட்ட செவிலியர், 108 ஊழியர்கள், பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரும் வருவார்கள். நோயாளியோடு கடைசியாகத் தொடர்பு இருந்த நாளிலிருந்து 21 நாள், காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கப்படும். காய்ச்சல் வந்தால் தாங்களாகப் பேருந்து ஏறாமல், பட்டியல் எடுத்தவருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஊருக்குச் சொல்லும் செய்தியில் நோயாளியின் பெயரோ தெருவோ வரக் கூடாது. 2018-ல் கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிராவில் செவிலியர்களையே வண்டியில் ஏற்றத் தயங்கினார்கள் என்று செய்தி வந்தது. அதைப் பார்த்தபின் யார் காய்ச்சலை வெளியே சொல்வார்கள்? "இந்தத் தேதியில், இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் 104-ஐ அழையுங்கள்" என்றால் போதும். வௌவாலைப் பற்றி மூன்றே வரி. கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம். மற்ற பழத்தைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடலாம். மரத்தை வெட்டவோ பட்டாசு வெடித்து விரட்டவோ வேண்டாம், கலைந்த கூட்டம் வேறு தோப்பில் போய் இறங்கும்.