குளக்கட்டு வேகம் நுவரெலியாவில் செல்லாது

இரணைமடுக் குளக்கட்டில் விடியப்புறம் ஓடினால் எனக்கு 10 கிலோமீற்றருக்கு 50 நிமிடம் எடுக்கும். கிலோமீற்றருக்கு 5 நிமிடம், சுலபமான கணக்கு. அதே கணக்கோடு நுவரெலியாவில் ஒரு 10 கிலோமீற்றர் போட்டிக்குப் போனேன். ஏரியைச் சுற்றிய பாதை, பெரிய ஏற்றமும் இல்லை, குளிரும் நல்ல சுகம். முதல் 3 கிலோமீற்றரும் 4:55 வேகத்தில் பறந்தேன். நாலாவது 5:05. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் சராசரியாக 5:50, முடித்தது 54:50இல். கால் நோகவேயில்லை, மூச்சுதான் போதவில்லை.

மலையில் ஒட்சிசன் குறைவு என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் சரி. கிளிநொச்சிக் காற்றிலும் நுவரெலியாக் காற்றிலும் ஒட்சிசனின் பங்கு ஒன்றுதான், ஏறத்தாழ 21 சதவீதம். குறைவது அமுக்கம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட 80 சதவீதம். குளத்தை நினைத்துப் பாருங்கள். 36 அடி நிற்கும்போது துருசைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், 29 அடிக்கு இறங்கினால் அதே துருசில் அந்தச் சீற்றம் இராது. நுரையீரலில் இருந்து குருதிக்குள் ஒட்சிசனைத் தள்ளுவதும் இப்படியான ஒரு அமுக்க வித்தியாசம்தான்.

சரி, அப்படியென்றால் நுவரெலியாவில் இறங்கி நடக்கும்போது ஏன் ஒன்றும் தெரிவதில்லை? ஈமோகுளோபின் தாராள மனசுக்காரன், அமுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் ஏறக்குறைய நிரம்பிவிடும். நடக்கும்போது குருதி நுரையீரலை மெதுவாகக் கடப்பதால் நிரம்ப நேரமும் இருக்கிறது. வேகமாக ஓடும்போது இதயம் குருதியை அடித்து விரட்டுகிறது, தள்ளும் அமுக்கமும் குறைவு, நிரம்பும் நேரமும் குறைவு, அரைகுறையாக நிரம்பியபடியே குருதி தசைக்குப் போகிறது. அதனால்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஏரியைப் பார்க்கும்போது தெரியாத குறை, போட்டியில் நாலாவது கிலோமீற்றரில் கழுத்தைப் பிடிக்கிறது. நாலாவதில் ஏன்? முதல் சில நிமிடங்களுக்கு உடம்பு ஒட்சிசன் இல்லாத வழியிலும் சக்தியைக் கடன் வாங்கி ஓட்டுகிறது, அந்தக் கடனை ஓடிக்கொண்டே அடைக்க மலைக் காற்று விடாது.

எவ்வளவு குறைத்து ஓட வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த அளவுகோல் 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக். நகரம் 2240 மீற்றரில் இருக்கிறது. 10,000 மீற்றரில் கென்யாவின் நப்தாலி தெமு 29:27.4இல் தங்கம் வென்றார். அப்போதைய உலக சாதனை ரொன் கிளார்க்கின் 27:39.4. வித்தியாசம் 6.5 சதவீதம். கிளார்க்கே அந்த ஓட்டத்தில் ஆறாவதாக வந்து விழுந்துவிட்டார். (அதே ஊரில் 100 மீற்றரும் நீளம் பாய்தலும் உலக சாதனை கண்டன. சில செக்கன் வேலைக்கு ஒட்சிசன் பெரிதாகத் தேவையில்லை, மெல்லிய காற்று எதிர்ப்பதும் குறைவு.) ஒலிம்பிக் இறுதியில் ஓடுகிறவர்கள் பதக்கத்துக்காக ஓடுவார்கள், கடிகாரத்துக்காக அல்ல, ஆகவே இது துல்லியமான அளவு இல்லை, ஆனால் கையால் போடும் கணக்குக்குப் போதும்.

சுமார் 600 மீற்றர் வரை வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே மெக்சிக்கோவுக்கு 1640 மீற்றர், நுவரெலியாவுக்கு 1268 மீற்றர். அந்த விகிதப்படி 6.5 சதவீதம் ஏறக்குறைய 5 ஆகிறது. முந்தின இரவு பஸ்ஸில் வந்து இறங்கி உடம்பு பழகாமல் ஓடுகிறவர்கள் நாங்கள், இன்னொரு சதவீதம் கூட்டுங்கள். 5 நிமிடம் என்பது 300 செக்கன், அதில் 6 சதவீதம் 18 செக்கன். ஆக கிலோமீற்றருக்கு 5:18, மொத்தம் 53 நிமிடம்.

வன்னி ஆட்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் 50 நிமிடம் ஏற்கெனவே வெக்கை தின்ற நேரம். நுவரெலியாவின் 16 பாகை செல்சியஸ் குளிரில் அதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிழை என்னவென்றால், குளிரின் இலாபம் முதல் கிலோமீற்றரிலேயே சுகமாகக் கைக்கு வருகிறது, உயரத்தின் நட்டம் பிறகுதான் வருகிறது. வெக்கையில் உடம்பு சூடேறிக் களைக்கும், கால் முதலில் கனக்கும். உயரத்தில் கால் நன்றாக இருக்க மூச்சு முதலில் முறியும். இரண்டாவது கிலோமீற்றரில் பக்கத்தில் ஓடுகிறவரோடு நாலு சொல் சேர்த்துப் பேச முடியாவிட்டால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் வேகம் கூடத்தான்.

அதனால் குளிரின் இலாபத்தைத் தொடக்கத்தில் செலவழிக்கவில்லை. அடுத்த தடவை 7 கிலோமீற்றர் வரை 5:18ஐ விடாமல் பிடித்தேன். என்னைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சு கையில் இருந்ததால் கடைசி 3 கிலோமீற்றரை 5:05இல் ஓடி 52:21இல் முடித்தேன். இந்தக் கணக்கு சமதரைப் பாதைக்கு மட்டும். நகரை விட்டு வெளியே ஏற்ற இறக்கம் தொடங்கினால் கிலோமீற்றர் நேரத்தை மறந்துவிட்டு மூச்சைப் பார்த்து ஓடுங்கள்.