வட்டியில்லாத் தவணையில் ஒளிந்திருக்கும் ரொக்க விலை

குடும்பங்களின் கடன் கணக்குகளைச் சரிபார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். வீட்டு உபயோகப் பொருளை வட்டியில்லாத் தவணையில் வாங்கியவர்கள் பெரும்பாலும் வேறு ஏதாவது ஒரு கடனைப் பற்றிப் பேசத்தான் வருவார்கள். அந்தத் தவணைக்கான தாள், காகிதக் கட்டின் அடியில் கிடக்கும். ‘வட்டியே இல்லையே, அதில் பார்க்க என்ன இருக்கிறது’ என்று அதை அவர்களே ஒதுக்கி வைத்துவிடுவார்கள். சில மாதங்களுக்கு முன் வந்த ஓர் அம்மையார் மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். அவருடைய கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கத் தொகைகளை முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். வாசிப்பவர் தமக்குப் பழக்கமான எந்த நாணயத்திலும் இவற்றை வைத்துப் பார்க்கலாம்.

அவர் வாங்க நினைத்தது ஒரு குளிர்சாதனப் பெட்டி. விலை 40,000. மாதம் 4,000 வீதம் பத்துத் தவணைகள்; வட்டி பூஜ்யம். பத்தில் இரண்டு தவணைகளை வாங்கும் நாளிலேயே கட்டிவிட வேண்டும். இதை முன்தவணை என்கிறார்கள். மீதி எட்டு மாதத் தவணைகள் வங்கிக் கணக்கிலிருந்து தாமாகவே பிடிக்கப்படும். செயலாக்கக் கட்டணம் வரியோடு சேர்த்து 800. அதுவும் முதல் நாளிலேயே. சீட்டில் எழுதியிருந்தது இவ்வளவுதான், அதில் எதுவும் பொய்யில்லை. பத்து நாலாயிரம் நாற்பதாயிரம் என்பதை யாரும் மனக்கணக்காகவே சரிபார்த்துவிடலாம். அந்த எளிமையில்தான் கண் ஏமாறுகிறது.

சீட்டில் இல்லாத ஒரே எண், அதே பெட்டிக்கு முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்தால் கடைக்காரர் என்ன விலைக்குத் தருவார் என்பது. கடைக்குத் திரும்பிப் போய், தவணைப் பேச்சையே எடுக்காமல், அதை மட்டும் கேட்டு எழுதி வாங்கி வரும்படி அந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர் வாங்கி வந்த தொகை 37,000.

இந்த 3,000 வித்தியாசம் எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கடன் கொடுக்கும் நிறுவனம் எட்டு மாதங்களுக்குத் தன் பணத்தை இலவசமாகக் கொடுப்பதில்லை. வாங்குபவரிடம் வட்டி வசூலிக்காத இடத்தில், அது கடைக்காரருக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புகிறது. அந்தப் பிடித்தத்தைச் சில சமயம் பொருளைத் தயாரித்த நிறுவனம் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தானே ஏற்றுக்கொள்ளும். அப்போது வாங்குபவருக்கு உண்மையிலேயே வட்டி இல்லை. அப்படி ஏற்க யாரும் இல்லாதபோது, கடைக்காரர் ரொக்கத்துக்குக் கொடுக்கக்கூடிய தள்ளுபடியைத் தவணைக்காரருக்குக் கொடுக்காமல் நிறுத்தி அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறார். விலையை யாரும் உயர்த்தியதாகத் தெரியாது. குறைக்க வேண்டிய இடத்தில் குறைக்கவில்லை, அவ்வளவுதான். இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும், இத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணத்தின் வடிவில் மறைந்து வாடிக்கையாளர் மேல் விழுகிறது என்றும் வெளிப்படையாகவே எழுதியது. என் அனுபவத்தில் கட்டணத்தைவிடத் தள்ளுபடியில்தான் அதிகம் மறைகிறது. கட்டணமாவது ரசீதில் ஒரு வரியாக நிற்கும். கொடுக்கப்படாத தள்ளுபடிக்கு ரசீதே கிடையாது.

இனி கணக்கு. மொத்தமாகக் கட்டுவது 40,800, ரொக்கமாக வாங்கினால் 37,000, கூடுதல் 3,800. இதை 37,000ஆல் வகுத்து ‘பத்து சதவீதம்தானே’ என்று பலரும் ஆறுதல் அடைகிறார்கள். அந்தச் சதவீதம் இரண்டு இடங்களில் தவறு. முதலாவது, அவர் 37,000ஐக் கடனாக வாங்கவே இல்லை. முன்தவணையாக 8,000, கட்டணமாக 800, ஆக 8,800ஐ முதல் நாளே கொடுத்துவிட்டார். 37,000 பெறுமான பொருள் கைக்கு வந்தபோது அவர் உண்மையில் கடன்பட்டது 28,200 மட்டுமே. இரண்டாவது, அந்த 28,200உம் எட்டு மாதம் முழுவதும் அவரிடம் இருக்கவில்லை. மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதிக்குச் சற்றே அதிகமான தொகைதான் அந்தக் காலம் முழுவதும் அவர் கையில் இருந்தது.

இதைக் கையாலேயே கணக்கிட ஒரு தோராய வழி உண்டு. கூடுதல் செலவை 24ஆல் பெருக்க வேண்டும். அடுத்து, உண்மையான கடன் தொகையை, மீதித் தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஆண்டு வட்டி வந்துவிடும். இங்கே 3,800ஐ 24ஆல் பெருக்கினால் 91,200; 28,200ஐ 9ஆல் பெருக்கினால் 2,53,800; வகுத்தால் ஏறக்குறைய 36 சதவீதம். கணினியில் விரிதாள் திறக்கத் தெரிந்தவர்கள் துல்லியமாகவே பார்த்துக்கொள்ளலாம்:

```
=RATE(8,-4000,28200)*12
```

விடை 35 சதவீதத்தை ஒட்டி வரும். அடைப்புக்குள் இருக்கும் மூன்று எண்களும் முறையே மீதித் தவணைகள், மாதத் தவணை, உண்மையான கடன். தவணைக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை விட்டுவிட்டால் விடை வராது. பிழைச் செய்திதான் வரும்.

அம்மையார் இந்த எண்ணை நம்பாமல், ‘எண்ணூறு ரூபாய் கட்டணத்துக்கா இவ்வளவு?’ என்றார். நியாயமான சந்தேகம். கட்டணத்தின் பங்கை மட்டும் பிரித்துக் காட்டினேன். ரொக்க விலையும் 40,000ஆகவே இருந்திருந்தால் கடன் 31,200, கூடுதல் செலவு 800, ஆண்டு வட்டி 7 சதவீதத்துக்கு அருகில் நின்றிருக்கும். அது எங்கும் கிடைக்காத நல்ல கடன். 7 சதவீதத்தை 35 சதவீதமாக்கியது, கேட்காமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காத அந்த 3,000.

ஆகவே சரிபார்ப்பு முழுவதும் ரொக்க விலையை நம்பகமாகப் பெறுவதில் அடங்கியிருக்கிறது, அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கடையில் நுழைந்ததும் தவணையைப் பற்றிக் கேட்டுவிட்டால், பிறகு ரொக்க விலையைக் கேட்கும்போது இரண்டும் ஒன்றே என்ற பதில் வருவது வழக்கம். விற்பவருக்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட எந்தத் தேவையும் இல்லை. முதலில் ரொக்கத்துக்கு இறுதி விலையைக் கேட்டு, மாடல் எண்ணோடு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே தவணையைக் கேட்க வேண்டும். தவணை என்றதும் விலை ஏறினாலோ, அந்தத் தள்ளுபடி இதற்குப் பொருந்தாது என்று சொன்னாலோ, மறைந்திருந்த வட்டி அங்கேயே வெளிவந்துவிடும். இன்னொரு கடையின் ரொக்க விலையையும் பார்ப்பது நல்லது. முதற்கடை இரு வகைக்கும் ஒரே விலையை உயர்த்தியே வைத்திருந்தால் அது அப்போதுதான் தெரியும். ஆனால் மாடல் எண்ணை கடைசி எழுத்து வரை ஒப்பிட வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பெட்டிகளின் எண்கள் இறுதியில் ஓர் எழுத்தால் மாறுபட்டு, உள்ளே கம்ப்ரஸரோ கொள்ளளவோ வேறாக இருப்பதுண்டு. அப்போது விலை ஒப்பீடே பிழையாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தித் தருவதும் பழைய பொருளுக்கான கழிவும் இரண்டு விலைகளிலும் ஒரே மாதிரி சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடன் ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது கடன் தொகை என்ற வரியைத்தான். மேலே சொன்ன கணக்கில் அங்கே 32,000 இருக்க வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், நீட்டித்த உத்தரவாதமோ காப்பீடோ கேட்காமலே உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். அவை வேண்டுமா வேண்டாமா என்பது தனிக் கேள்வி. வேண்டாம் என்றால் நீக்கும்படி கேட்கலாம், கையெழுத்துக்கு முன்பு கேட்க வேண்டும்.

கடன் அட்டையில் வரும் வட்டியில்லாத் தவணை சற்று வேறு வகை. அங்கே வங்கி வட்டியை வழக்கம்போல வசூலிக்கும். அந்த வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையில் கழித்திருப்பார். மாதக் கணக்குத் தாளில் வட்டி என்ற பதிவைக் கண்டு திடுக்கிடுபவர்கள் பலர். அந்தப் பதிவு இருப்பது ஏமாற்று அல்ல. பார்க்க வேண்டியது, வட்டியின் மேலும் கட்டணத்தின் மேலும் வரி விதிக்கப்படுகிறதா என்பது, ஏனெனில் கடைக்காரரின் கழிவு அந்த வரியை ஈடுகட்டுவதில்லை. பொருளைத் திருப்பிக் கொடுத்தால் செயலாக்கக் கட்டணம் திரும்புமா என்பதையும் கேட்டுவைக்கலாம், பெரும்பாலும் திரும்பாது. மற்றபடி கேள்வி அதேதான்: இதே அட்டையில் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுத்தால் விலை என்ன?

ரொக்கமோ தவணையோ விலை ஒன்றாகவே வந்து, கட்டணமும் இல்லையென்றால், தயங்காமல் தவணையையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். கையில் முழுப் பணம் இருப்பவருக்கும் இதையே சொல்வேன். அந்தப் பணம் சில மாதங்கள் வங்கியில் வட்டி ஈட்டட்டும். தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் போனால் மட்டும் பூஜ்யம் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடும்; தவறிய ஒரு தவணைக்கான அபராதம் மொத்தச் சேமிப்பையும் தின்றுவிடக்கூடும்.

அந்த அம்மையாரிடம் முழுப் பணம் இல்லை. முன்தவணைக்காக எடுத்து வைத்த 8,000 மட்டும் இருந்தது. அவர் உறுப்பினராக இருந்த கடன் சங்கம் 14 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தது, கட்டணம் எதுவும் இல்லை. 29,000ஐ எட்டு மாதங்களுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 3,820, மொத்த வட்டி ஏறத்தாழ 1,540. வட்டியில்லாத் தவணை கேட்ட 3,800இல் இது பாதிகூட இல்லை. மாதத் தவணையும் 4,000த்தைவிடக் குறைவு. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து அவரே கூட்டிப் பார்த்தார். மறுநாள் சங்கத்தில் கடன் வாங்கி, 37,000 என்று எழுதிய சீட்டோடு கடைக்குப் போய் ரொக்கமாகவே வாங்கிவிட்டார்.