நிலக்கரி ரிப்போர்ட்ல ஆசிட் கழிச்சிருக்காங்களானு பாத்து வாங்குங்க

பெருந்துறை, திருப்பூர், பல்லடம் பக்கம் சாயப்பட்டறை, சைசிங் வெச்சிருக்கறவங்க நிறைய பேரு இப்ப கரி லோடு வாங்கறப்போ ஜிசிவி, அதாவது ஒரு கிராம் கரி எரிஞ்சா எத்தன கலோரி சூடு வரும்ங்கற நம்பர் பாத்துத்தான் ரேட் பேசறாங்க, அது நல்ல விசயமுங்க. ஆனா ரிப்போர்ட்ல கடைசியா இருக்கற அந்த ஒரு நம்பர மட்டும் பாத்துட்டு மடிச்சு வெச்சர்றாங்க, அது எப்படி வந்துச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. எரிபொருள் லேப்ல வேலை பாக்கறவன்ங்கற முறையில அதுல ஒரே ஒரு விசயத்த மட்டும் இங்க விரிவா சொல்லிர்றேன். லேப்ல கரிய எரிச்சுப் பாக்கற பாம்ங்கற பாத்திரத்துக்குள்ள உருவாகற ஆசிட்டோட சூட்டை கழிச்சாங்களா இல்லியாங்கறது. சல்ஃபர் ஜாஸ்தியா இருக்கற கரியில இதுல காசு போகுதுங்க.

பாம் கலோரிமீட்டர் பாக்காதவங்களுக்காக சுருக்கமா சொல்றேன். ஸ்டீல்ல செஞ்ச கெட்டியான ஒரு பாத்திரம், அதத்தான் பாம்னு சொல்றோம். பொடியாக்குன கரிய மாத்திரை மாதிரி அழுத்தி, சுமார் 1 கிராம் எடை போட்டு ஒரு குட்டிக் கிண்ணத்துல வெப்போம், அதத் தொடற மாதிரி மெல்லிசா ஒரு நிக்ரோம் கம்பி கட்டுவோம், பாமுக்குள்ள 1 மில்லி டிஸ்டில்டு வாட்டர் விட்டு மூடி, 30 அட்மாஸ்பியர் பிரஷருக்கு ஆக்சிஜன் ஏத்துவோம். பெறகு அளந்து ஊத்துன 2 லிட்டர் தண்ணிக்குள்ள அத எறக்கி வெச்சு, கரண்ட் குடுத்துப் பத்த வெச்சா அந்தத் தண்ணி எத்தன டிகிரி ஏறுதுன்னு பாக்கறதுதான் டெஸ்ட்டே. ஒரு டிகிரி ஏறறதுக்கு எத்தன கலோரி வேணுங்கறது நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும், அதுக்கு பென்சாயிக் ஆசிட்ட எரிச்சு மிசினை ஸ்டாண்டர்டு பண்ணி வெச்சிருப்போம். அது கிராமுக்கு 6318 கலோரி, உலகம் பூராம் அதுதான் அளவுகோல்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். உங்க பாய்லர்ல கரி எரியறப்ப அதுல இருக்கற சல்ஃபர் பெரும்பாலும் சல்ஃபர் டை ஆக்சைடாவே புகையோட புகையா சிம்னி வழியா போயிருது. ஜிசிவிங்கற கணக்கும் சல்ஃபர் அந்த வாயுவோட நின்னுக்கிச்சுன்னு வெச்சுத்தான் போடறது. ஆனா பாமுக்குள்ள 30 அட்மாஸ்பியர் ஆக்சிஜன் அமுக்கிட்டு நிக்குது, கூடவே தண்ணியும் இருக்குது, அதனால அது அங்கயே நிக்காம இன்னொரு படி போயி சல்ஃப்யூரிக் ஆசிட்டா மாறிருது, மாறறப்ப தனியா சூடு விடுது. ஆக்சிஜன் ஏத்தறப்ப பாமுக்குள்ள ஏற்கனவே இருந்த காத்தை நாம வெளியேத்தறதில்ல, அந்தக் காத்துல இருக்கற நைட்ரஜன்ல கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் ஆகுது, அதுவும் சூடு விடுது. இந்த ரெண்டு சூடும் உங்க பாய்லர்ல கெடைக்காத சூடு, தெர்மாமீட்டர் மட்டும் அதையும் சேத்துக் காட்டிருது. அதைக் கழிச்சாத்தான் ஜிசிவி.

கழிக்கறது இப்படித்தான்:

```
GCV = (W × t − e1 − e2 − e3) / m
```

W தான் ஒரு டிகிரி ஏறறதுக்கு மிசினுக்கு வேண்டிய கலோரி, t ஏறுன டிகிரி, m சாம்பிள் எடை. e3 எரிஞ்சு போன கம்பிக்கு, நிக்ரோம்னா ஒரு சென்டிமீட்டருக்கு 2.3 கலோரி. e1, e2 ரெண்டும்தான் ஆசிட் சமாச்சாரம்.

e1 க்கு என்ன பண்ணோணும்னா, எரிச்சு முடிச்சதும் பாமோட வால்வை மெதுவா, ஒரு நிமிசத்துக்குக் கொறையாம எடுத்துத் தொறக்கோணும். டக்குனு தொறந்து உட்டா வாயுவோட சேந்து ஆசிட் துளியும் பறந்து போயிரும். உள்ள கரும்புகை படிஞ்சிருந்தா சரியா எரியலைன்னு அர்த்தம், அந்த ரன்னை தூக்கிப் போட்டுட்டு மறுபடி எரிக்கறதத் தவிர வேற வழியில்ல. சுத்தமா எரிஞ்சிருந்தா பாமோட உள்சுவரு, மூடி, கம்பி மாட்டற கால், கிண்ணம் எல்லாத்தையும் டிஸ்டில்டு வாட்டர் பீச்சிக் கழுவி ஒரு பீக்கர்ல சேத்தோணும். அந்தத் தண்ணிய மெத்தில் ஆரஞ்சு போட்டு 0.0709 நார்மல் சோடியம் கார்பனேட்டால டைட்ரேட் பண்ணோணும், லிட்டருக்கு 3.76 கிராம் கரைச்சா அந்த அளவு வந்துரும். ஏன் இப்படி ஒரு விசித்திரமான நார்மாலிட்டின்னா, பாமுக்குள்ள ஒரு மோல் நைட்ரிக் ஆசிட் உருவாகறப்ப 14.1 கிலோகலோரி வருது, அதை 0.0709 ஆல பெருக்கிப் பாருங்க, ஒரு மில்லிக்கு ஒரு கலோரி. பியூரெட்ல எத்தன மில்லி எறங்குச்சோ அதுவே e1, தனியா கணக்கே வேண்டாம்.

ஆனா அந்த டைட்ரேஷன்ல நைட்ரிக் எது, சல்ஃப்யூரிக் எதுன்னு பியூரெட்டுக்குத் தெரியாது, மொத்த ஆசிட்டையும் நைட்ரிக்னு நெனச்சுத்தான் கணக்குல வருது. சல்ஃப்யூரிக் ஆசிட் உருவாகறப்ப வர்ற சூடு மோலுக்கு 72.2 கிலோகலோரி, ஆனா அதுல ரெண்டு ஹைட்ரஜன் இருக்கறதால டைட்ரேஷன் கணக்குல ஏற்கனவே 14.1 ரெண்டு தடவை, அதாவது 28.2 கழிஞ்சிருச்சு. மிச்சம் 44 கிலோகலோரிதான் இன்னும் கழிக்கோணும். சல்ஃபர் கணக்குக்கு மாத்துனா, 1 கிராம் சாம்பிள்ல 1 சதவீதம் சல்ஃபருக்கு 13.7 கலோரி. அதுதான் e2. சல்ஃபர் சதவீதத்த எஷ்கா முறையிலயோ சல்ஃபர் அனலைசர்லயோ தனியா பாத்து வெச்சிருக்கோணும்.

இது தெரியாம சில லேப்ல ரெண்டு தடவை கழிக்கறதும் நடக்குது. சல்ஃபருக்கு முழு சூடு கழிக்கோணும்னு 22.5 போட்டுட்டு, மேல மொத்த டைட்ரேஷனையும் கழிச்சர்றாங்க. 22.5 போடறதுன்னா நைட்ரிக்கை மட்டும் தனியா பிரிச்சு e1 ல போடோணும், மொத்த டைட்ரேஷன் போடறதுன்னா 13.7 தான். ரெண்டையும் கலந்தா கரி விக்கறவருக்கு அநியாயம் பண்ணறோமுங்க.

பெருந்துறை பக்கம் ஒரு சாயப்பட்டறைக்கு வந்த லோடு ஒண்ணு, சப்ளையர் குடுத்த ரிப்போர்ட்ல 6410 னு இருந்துச்சு, அதே சாம்பிள்ல பாதியப் பிரிச்சு எங்ககிட்ட குடுத்தாங்க. எங்க ரன் இப்படி: எடை 1.005 கிராம், W 2410, ஏறுன டிகிரி 2.684, ஆகமொத்தம் 6468.4 கலோரி. கம்பி 7.5 சென்டிமீட்டர் எரிஞ்சிருந்துச்சு, அதுக்கு 17.3. டைட்ரேஷன் 34.6 மில்லி, அதனால e1 34.6. சல்ஃபர் 2.8 சதவீதம், 13.7 × 2.8 × 1.005, e2 38.6. எல்லாம் கழிச்சு எடையால வகுத்தா கிராமுக்கு 6346 கலோரி.

சப்ளையர் தரப்போட வொர்க்‌ஷீட்ட வாங்கிப் பாத்தா கம்பிக்கு மட்டும் கழிச்சிருந்தாங்க, ஆசிட்டுக்கு வரியே இல்ல, பென்சாயிக் ஆசிட் ஸ்டாண்டர்டுலயும் இல்ல. இங்க ஒண்ணு கவனிக்கோணும். ஸ்டாண்டர்டுலயும் விட்டு சாம்பிள்லயும் விட்டா நைட்ரிக்னால வர்ற தப்பு பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு அடிபட்டுப் போயிரும், ஏன்னா பென்சாயிக் ஆசிட் எரியறப்பவும் அதே காத்து, சுமார் பத்து கலோரி அளவுக்கு நைட்ரிக் வருது. "ரெண்டு பக்கமும் விட்டுட்டோம், சரியாப் போச்சு"னு லேப்ல சொல்றது இதை வெச்சுத்தான். ஆனா பென்சாயிக் ஆசிட்ல சல்ஃபரே கெடையாதுங்க, அப்பறம் சல்ஃப்யூரிக் கணக்கு எங்க போயி அடிபடும்? எங்க ரீடிங்கையே அவங்க வழியில போட்டுப் பாத்தேன், 6409 வந்துச்சு. 63 கலோரி வித்தியாசம் முழுக்க சல்ஃபரோடது. ஒரே லேப்ல ஒரே சாம்பிள ரெண்டு தடவை எரிச்சா ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டு விடற இடைவெளியே சுமார் 29 கலோரிதான், அதோட ரெண்டு மடங்குக்கு மேல இது. அதுவும் கூடக் கொறையன்னு மாறி மாறி வராது, எப்பவும் கூடத்தான் காட்டும். 25 டன் லோடுன்னா சுமார் 250 கிலோ கரிக்கு காசு சேத்துக் குடுக்கற மாதிரி.

லேப்ல வேலை பாக்கற தம்பிமாருங்களுக்கு ஒரு செக் சொல்றேன், ரிப்போர்ட் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் பண்ணிப் பாருங்க. 1 கிராம்ல 1 சதவீதம் சல்ஃபர் இருந்தா அது அந்த 0.0709 கரைசல்ல 8.8 மில்லி குடிக்கும். மேல சொன்ன சாம்பிளுக்கு 8.8 × 2.8 × 1.005, சுமார் 24.8 மில்லி சல்ஃப்யூரிக்கோடது. மொத்தம் 34.6 ல அதைக் கழிச்சா மிச்சம் 9.8, அது நைட்ரிக். உங்க மிசின்ல பென்சாயிக் ஆசிட் எரிக்கறப்ப எத்தன மில்லி வருதோ கிட்டத்தட்ட அந்த அளவுல இது நிக்கோணும். மிச்சம் ஒண்ணு ரெண்டுக்கு எறங்கிட்டாலோ மைனஸ்ல போனாலோ பாமைச் சரியா கழுவல, இல்லைனா பிரஷரை வேகமா தொறந்துட்டீங்க, அதுவும் இல்லைனா சல்ஃபர் ரிசல்ட்ட மறுபடி பாருங்க. சல்ஃபர் சதவீதமும் எரிச்ச சாம்பிளும் ஒரே ஈரப்பத கணக்குல இருக்குதானும் பாக்கோணும், ஒண்ணு ட்ரை, ஒண்ணு ஏர் ட்ரைன்னு கலந்து போட்டா இந்த செக்கும் தப்பாத்தான் காட்டும்.

சாம்பல்ல சுண்ணாம்பு ஜாஸ்தியா இருக்கற பழுப்பு நிலக்கரி மாதிரி சாம்பிள்ல மட்டும் இந்த செக்கை அப்படியே நம்பாதீங்க. அங்க சல்ஃபர்ல ஒரு பங்கு கிண்ணத்துல இருக்கற சாம்பல்லயே சல்ஃபேட்டா பிடிச்சு நின்னுக்கும், கழுவுன தண்ணியில வராது, நீங்க எவ்வளவு நல்லா கழுவியிருந்தாலும் டைட்ரேஷன் கொறையாத்தான் காட்டும்.

விறகு, மரத்தூள், கடலைத் தோல் பிரிக்கெட், தேங்காய்த் தொட்டி இதெல்லாம் எரிக்கறவங்க இந்த ஆசிட் கணக்குக்காக லேப்ல சண்டை போட வேண்டியதில்ல. அதுல சல்ஃபர் ரொம்பக் கம்மி, e2 ஒண்ணு ரெண்டு கலோரிதான் வரும், உங்க காசு போறது ஈரத்துல, அதப் பாருங்க. பெட்கோக், இல்ல பெட்கோக் கலந்த கரி, சல்ஃபர் ஜாஸ்தி இருக்கற கரி வாங்கறவங்கதான் கேட்டு வாங்கோணும். பெட்கோக்ல சல்ஃபர் 6 சதவீதம் வரைக்கும்கூட போகும், அப்ப சல்ஃபர் பங்கு மட்டுமே கிராமுக்கு 135 கலோரியாயிரும். அடுத்த லோடு ரிப்போர்ட் வாங்கறப்ப ஜிசிவிக்குப் பக்கத்துல சல்ஃபர் சதவீதம், டைட்ரேஷன் மில்லி, எந்த ஈரப்பத கணக்குல போட்டதுங்கற மூணையும் எழுதிக் குடுங்கனு கேளுங்க. டைட்ரேஷனே பண்ணாத லேப்ல அந்த ரெண்டாவது வரிய எழுத முடியாதுங்க.