கட்டணமே இல்லாமல் அனுப்பிய பணம் ஏன் குறைந்து போய்ச் சேருகிறது?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “கட்டணம் கிடையாது என்று போர்டு வைத்திருக்கும் நிறுவனம் வழியாக வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். நண்பர் வங்கியில் 20 டாலர் கட்டணம் கட்டி அனுப்புகிறார். ஆனாலும் பெரிய தொகை என்றால் அவர் வீட்டுக்குத்தான் கூடுதலாகப் போய்ச் சேருகிறது. எப்படி?”

பள்ளியில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடு போதும், இதை அவிழ்த்துவிடலாம். நீங்கள் செலுத்துவது x, கட்டணம் f, தருகிற மாற்று விகிதம் r என்றால் வீட்டில் கிடைப்பது:

y = r(x − f)

போர்டில் பெரிய எழுத்தில் இருப்பது f. நிறுவனத்தின் சம்பாத்தியம் பெரும்பாலும் r-க்குள் இருக்கிறது. வங்கிகள் தங்களுக்குள் நாணயத்தை ஒரு விலைக்கு வாங்குகின்றன, சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நடுச்சந்தை விகிதம் என்கிறோம். இணையத்தில் தேடினால் வருவது ஏறக்குறைய அதுதான். அதைவிட எவ்வளவு குறைத்து உங்களுக்குத் தருகிறார்களோ, அவ்வளவும் பெயர் சொல்லாத கட்டணம்.

கணக்கு எளிதாக இருக்கட்டும். நடுச்சந்தை விகிதம் ஒரு டாலருக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமில்லா நிறுவனம் 97 ரூபாய் தருகிறது. வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டு 98.50 தருகிறது. 200 டாலர் அனுப்பினால் நிறுவனத்தில் 19,400 ரூபாய், வங்கியில் 17,730 ரூபாய். வங்கி படுதோல்வி. அதே ஒப்பீட்டை 2,000 டாலருக்குச் செய்தால் நிறுவனத்தில் 1,94,000, வங்கியில் 1,95,030. இரண்டு கோடுகளும் சுமார் 1,313 டாலரில் வெட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் வாசகரின் நண்பர் சொல்வதுதான் சரி.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். விளம்பரத்தையும் கட்டணப் பட்டியலையும் படிக்காமலேயே ஒரு சேவையின் f, r இரண்டையும் வெளியே இழுத்துவிடலாம். ஒரு செயலியில் அனுப்பும் தொகை 200 என்று போட்டுப் பாருங்கள். 19,780 ரூபாய் கிடைக்கும் என்கிறது. உடனே 2,000 என்று மாற்றுங்கள், 1,98,700 என்கிறது. கூடுதலாகப் போட்ட 1,800 டாலருக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1,78,920 ரூபாய். வகுத்தால் 99.40. கோட்டின் சாய்வு அது. அந்தச் சாய்வின்படி 200 டாலருக்கு 19,880 வந்திருக்க வேண்டும். 100 ரூபாய் குறைகிறது. ஆக, நிலையான கட்டணம் ஏறத்தாழ ஒரு டாலர், மற்றபடி ஒவ்வொரு டாலரிலும் 0.6 சதவீதம் போகிறது. அந்த 0.6-ஐக் கட்டணம் என்று அழைத்தாலும் விகிதத்தில் ஒளித்தாலும் கோட்டுக்கு ஒன்றுதான். 1,000 டாலருக்கும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விடை கோட்டில் உட்காரவில்லை என்றால் தொகைக்கேற்ப விகிதம் மாறுகிறது, அல்லது முதல் முறை அனுப்புகிறவருக்கான சலுகை ஒரு வரம்புவரை மட்டும் செல்லுபடியாகிறது. எல்லா விலைகளையும் சில நிமிடங்களுக்குள் கேட்டுவிட வேண்டும். நேற்றைய விலையை இன்றைய விலையோடு ஒப்பிட்டால் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத்தான் அளப்பீர்கள்.

ஒருவருக்கு 20 டாலர், இன்னொருவருக்கு ஒரு டாலர் என்று ஏன் இவ்வளவு வித்தியாசம்? பணம் எல்லை தாண்டுவதே இல்லை என்பதில் இருக்கிறது விடை. 1973-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் அமைப்பு பணத்தைக் கொண்டுபோவதில்லை. வங்கிகளுக்கிடையே செய்திகளைத்தான் கொண்டுபோகிறது. உங்கள் வங்கிக்கு அந்த நாட்டு வங்கியில் கணக்கு இருந்தால், அதிலிருந்து இவ்வளவு எடுத்து இன்னாருக்குக் கொடு என்று ஒரு செய்தி போகும். நேரடிக் கணக்கு இல்லையென்றால் இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருக்கும் மூன்றாவது வங்கி நடுவில் வரும், சில வேளை நான்காவதும். ஒவ்வொன்றும் தடைப்பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று சோதித்து, தன் பேரேட்டில் பற்று வரவு எழுதி, கூலியையும் எடுத்துக்கொள்ளும். 50 டாலருக்கும் ஐந்து லட்சம் டாலருக்கும் இந்த வேலை ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் அது நிலையான கட்டணமாக வந்து நிற்கிறது.

செயலிகள் பல வேறு வழியில் போகின்றன. இரண்டு நாடுகளிலும் முன்கூட்டியே பணம் நிரப்பிய கணக்குகளை வைத்திருக்கின்றன. நீங்கள் கட்டுவது இந்த நாட்டுக் கணக்கில் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு அந்த நாட்டுக் கணக்கிலிருந்து உள்ளூர்ப் பரிமாற்றமாகப் போகிறது. எதிர்த்திசையில் அனுப்புகிறவர்களின் பணம் இதைக் கொஞ்சம் ஈடுகட்டும். மிச்சமுள்ள வித்தியாசத்தை மட்டும் மொத்தமாக, மலிவாகச் சந்தையில் மாற்றிக்கொள்கிறார்கள். நொடிகளில் சேர்ந்துவிடுவதன் ரகசியமும் இதுதான்: சேரவேண்டிய பணம் ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது.

காத்திருக்கும் பணத்துக்கு வட்டி இழப்பு உண்டு, ஆபத்தும் உண்டு. நியூயார்க்கில் வெள்ளி மாலை மூடும் அந்நியச் செலாவணிச் சந்தை ஞாயிறு மாலைதான் திறக்கிறது. சனிக்கிழமை உங்களுக்கு ஒரு விலையை உறுதிசெய்கிறவர், சந்தை திறக்கும்போது எந்த விலை இருக்கும் என்று தெரியாமலே உறுதிசெய்கிறார். அந்தப் பயத்துக்கு விலையாகச் சில நிறுவனங்கள் வார இறுதியில் விகிதத்தைக் குறைத்துவிடுகின்றன. அவசரமில்லை என்றால் வார நாளில் அனுப்புங்கள். அதற்காக, விகிதம் இன்னும் ஏறும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பது ஜோசியம் பார்ப்பதற்குச் சமம். அதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

உலக வங்கி பல நாட்டு இணைகளுக்கு 200 டாலர் அனுப்பும் செலவை, கட்டணம் தனியாக, விகித இழப்பு தனியாகப் பிரித்து வெளியிட்டு வருகிறது. உலகச் சராசரி 6 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. பொதுப்பணம் இப்படிப்பட்ட சலிப்பூட்டும் விலை சேகரிப்புக்குச் செலவாவதில் எனக்கு முழு சம்மதம். அமெரிக்காவில் 2013 முதல், பணம் கட்டுவதற்கு முன்பே கட்டணம், விகிதம், சேரும் தொகை மூன்றையும் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுச்சந்தை விகிதத்தையும் பக்கத்தில் அச்சிடச் சொல்லியிருந்தால் போர்டுகளின் வாசகம் மாறியிருக்கும்.

நேர்கோட்டுக்குள் அகப்படாத ஒன்றும் உண்டு: அனுப்பிய பிறகு வழியில் பிடிக்கப்படும் தொகை. வங்கிப் படிவத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்று கேட்கும் இடத்தில் OUR, SHA, BEN என்று மூன்று தேர்வுகள் இருக்கும். OUR என்றால் எல்லாம் உங்கள் தலையில். SHA என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, வழியில் உள்ள மற்ற வங்கிகளின் கட்டணம் பெறுகிறவருக்கு. BEN என்றால் முழுவதும் பெறுகிறவருக்கு. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டில் எவ்வளவு வந்தது என்று கேட்டு, ரசீதோடு ஒப்பிடுங்கள். குறைவு 15, 25 டாலர் என்று முழுத் தொகையாக, எவ்வளவு அனுப்பினாலும் மாறாமல் இருந்தால், நடுவிலுள்ள வங்கியோ பெறும் வங்கியோ கூலி பிடித்திருக்கிறது. தொகை கூடக்கூட குறைவும் அதே சதவீதத்தில் கூடினால், பணம் டாலராகவே போய், பெறும் வங்கி தன் விகிதத்தில் மாற்றியிருக்கிறது. அடுத்த முறை, பெறுகிறவரின் நாணயத்திலேயே மாற்றி அனுப்பினால் கிடைக்கும் தொகையையும் கேட்டு, இரண்டில் எது கூடுதல் என்று பார்த்துவிடலாம்.