ஊருக்குப் போகும் வாரம்: எந்தத் தொட்டிக்கு எத்தனை மக்கு, எந்தப் பார்சலை வாங்கக் கூடாது

"ஒரு வாரம் ஊர்ல இல்ல, வந்து பார்த்தா செடி பட்டுப்போச்சு" என்று யாராவது தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், தோட்ட வேலை தெரிந்தவர்கள் முதலில் மண்ணை முகர்ந்துதான் பார்ப்பார்கள். பல நேரம் அழுகல் வாடை வரும். செடி தண்ணீர் இல்லாமல் சாகவில்லை, தண்ணீரால்தான் செத்திருக்கிறது.

செடியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. "நம்மால கெட்டுப்போச்சுன்னு பேச்சு வரக் கூடாது" என்று அவர் காலையும் மாலையும் ஊற்றியிருப்பார். வேருக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் இன்னும் ஒரு மக்கு ஊற்றத் தோன்றும். ஆகவே அவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: இலை வாடியிருந்து மண் ஈரமாக இருந்தால் ஊற்றக் கூடாது. மே மாத மதிய வெயிலில் நல்ல செடியும் சற்றுத் துவளும், சாயங்காலம் தானாகவே நிமிர்ந்துவிடும். வாட்டத்தைக் காலையில் பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

சென்னையில் மேற்குப் பார்த்த ஒரு பால்கனியை எடுத்துக்கொள்வோம். மே மாதம், ஏழு நாள் பயணம், 11 தொட்டிகள்: ரோஜா இரண்டு, மல்லி இரண்டு, துளசி இரண்டு, கறிவேப்பிலை ஒன்று, வீட்டுக்குள் மணி பிளான்ட் ஒன்று, கற்றாழை இரண்டு, அடீனியம் ஒன்று.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே, கம்பியில் தொங்குபவற்றையும் கைப்பிடிச் சுவர் மேல் இருப்பவற்றையும் கீழே இறக்கி, நிழல் விழும் சுவரோரம் நெருக்கமாக வைக்கவும். மண் மேல் இரண்டு விரல் கனத்துக்குத் தேங்காய் நார் பரப்பவும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அந்த வாரம் உரம் வைப்பதும் தொட்டி மாற்றுவதும் வேண்டாம்.

12 அங்குலத் தொட்டியில் உள்ள ரோஜாவுக்கும் மல்லிக்கும் தினமும் காலை ஆளுக்கு ஒரு மக்கு, அதாவது சுமார் ஒரு லிட்டர். துளசிக்கு அரை மக்கு. பெரிய பையில் உள்ள கறிவேப்பிலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மக்கு. மணி பிளான்ட்டுக்கு நான்காம் நாள் ஒரே ஒருமுறை. கற்றாழைக்கும் அடீனியத்துக்கும் ஏழு நாளும் எதுவும் வேண்டாம். கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஐந்து மக்கு, கறிவேப்பிலை நாளில் ஏழு. இவ்வளவுதானா என்று அவருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

மக்கையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர் வீட்டு மக்கு ஒன்றரை லிட்டராக இருந்தால் கணக்கே மாறிப்போகும். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி 1, ½ என்று அளவையும், தினமும் ஊற்றாதவற்றில் கிழமையையும் எழுதினால் போதும், செடியின் பெயர் அவருக்குத் தேவையில்லை. தண்ணீர் வேண்டாத தொட்டிகளை வேறு மூலைக்கு, அவர் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்திவிடலாம். "வேண்டாம்" என்று எழுதி ஒட்டினாலும், பார்த்தால் மனசு கேட்காமல் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

தென்னை நார்த்தூள் கலவை போட்டவர்கள் ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைச் சட்டென்று உள்ளே வாங்காது. ஊற்றிய தண்ணீர் தொட்டியின் ஓரமாக இறங்கி உடனே அடியில் ஓடிவிடும். பார்ப்பவருக்கு நன்றாக நனைந்ததுபோல் இருக்கும், தூக்கினால் தொட்டி லேசாக இருக்கும். கால் மக்கு ஊற்றி, பத்து நிமிடம் விட்டு, மிச்சத்தை ஊற்றினால் சரியாகிவிடும். நடுவில் மழை பெய்தால் விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்கட்டும். ஈரம் ஒட்டினால் அன்று விடுமுறை.

தொட்டியின் அடித்தட்டுகளைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக மாற இந்த வெயிலில் ஏழு முதல் பத்து நாள் போதும். உங்கள் பயணத்தின் நீளமும் ஏறக்குறைய அதுதான். தட்டு இல்லாததால் தண்ணீர் கீழ்வீட்டில் சொட்டும் என்றால், அவர்கள் துணி காயப்போடும் முன், காலை ஏழு மணிக்குள் ஊற்றச் சொல்லுங்கள்.

பார்சலிலும் வம்பு வருவது இதே நல்ல மனசால்தான். "பக்கத்து வீட்டு சார் ஆர்டர் பண்ணது, 1,200 ரூபாய், இப்ப ஜிபே பண்ணிடுங்க" என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பார். பழகிய வீடாயிற்றே என்று இவர் கொடுத்துவிடுவார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கந்தல் துணி. யாருமே ஆர்டர் செய்திருக்க மாட்டார்கள். இதைத் தடுக்க ஒரே வழி, பணம் கட்ட வேண்டிய பார்சல் ஒன்றும் வராது என்று முன்பே சொல்லிவைப்பதுதான். அதற்கேற்றபடி நீங்களும் எல்லாவற்றுக்கும் முன்பே பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். "பக்கத்து வீட்ல குடுத்துட்டேன், நம்பர் சொல்லுங்க" என்று டெலிவரி செய்பவர் அவசரப்படுத்துவார். பக்கத்து வீட்டிலிருந்து லேபிள் தெரியும் போட்டோ வந்த பிறகு சொல்லுங்கள். எண்ணைச் சொன்ன நொடியே பொருள் சேர்ந்ததாகப் பதிவாகிவிடும், பிறகு வரவில்லை என்று வாதாடுவது கஷ்டம். கொரியர் என்று சொல்லி *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை வேறு போனுக்குத் திருப்பிவிடும் வேலை. அழுத்திவிட்டிருந்தால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பிரித்துக் காட்டித் தரும் போன், லேப்டாப் போன்றவற்றை அவர் தலையில் கட்ட வேண்டாம். மாடல் சரியா, கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவருடையதல்ல. தேதியைத் தள்ளிவைக்கலாம். பாஸ்போர்ட்டைத் தபால்காரர் உரியவர் கையில்தான் கொடுப்பார், வேறு யாரிடமும் தர மாட்டார். திருப்பி அனுப்பும் கெடுவும் பொருள் சேர்ந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். ஏழு நாள் கெடு உள்ள சட்டை முதல் நாளே வந்தால், நீங்கள் வந்து போட்டுப் பார்க்கும்போது கெடு முடிந்திருக்கும்.

அவருக்கு அனுப்பும் செய்தி சின்னதாக இருக்கட்டும்:

"அக்கா, சனிக்கிழமை காலைல கிளம்புறோம், அடுத்த சனி ராத்திரி வந்துடுவோம். ரெண்டு பார்சல்தான் வரும், செவ்வாய் ஒண்ணு, வியாழன் ஒண்ணு. ரெண்டுக்கும் காசு கட்டியாச்சு, யார் கேட்டாலும் குடுக்காதீங்க. வாங்கினதும் ஒரு போட்டோ அனுப்புங்க. வேற எது வந்தாலும் வேண்டாம்னு திருப்பிடுங்க. செடிக்கு டேப்ல எழுதின அளவு மட்டும், காலைல ஒரு தடவை. ஒருநாள் விட்டுப்போனா பரவால்ல, மறுநாள் டபுளா ஊத்த வேண்டாம்."

வெள்ளிக்கிழமை ஒருமுறை, நீங்கள் இருக்கும்போதே அவரை ஊற்றச் சொல்லிப் பாருங்கள். குழாய் எந்தப் பக்கம் திரும்பும், பால்கனிக் கதவு எங்கே சிக்கும் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திரும்பி வந்ததும் தொட்டிகளை ஒரே மூச்சில் வெயிலுக்கு நகர்த்த வேண்டாம். நிழலில் இருந்த இலை கருகிவிடும், இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது லேபிளில் தொடங்கி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் மாறியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் மேல் சந்தேக நிழல்கூட விழாது.