ஈரலைக் குடைந்து போகும் புழு

ஆட்டு ஈரலை வெட்டும்போது பித்தக்குழாயிலிருந்து இலை மாதிரி தட்டையான புழு ஒன்று நழுவி விழுவதை இறைச்சிக்கடைக்காரர்கள் பார்த்திருப்பார்கள். அதன் பெயர் ஃபாசியோலா. மனிதர்களுக்கும் அபூர்வமாக வரும். ஆனால் ஈரலைத் தின்பதால் வருவதில்லை, தண்ணீரில் நிற்கும் கீரையால் வருகிறது.

மாடு, ஆட்டின் சாணத்தோடு முட்டை தண்ணீரில் சேர்கிறது. அதில் பொரியும் குஞ்சு ஒருவகை நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பிறகு வெளியே நீந்தி வந்து, கீரைத் தண்டில் ஒட்டிக்கொண்டு மேலே ஒரு கூடு கட்டிக்கொள்கிறது. கூடு ஒரு மணல் துகள் அளவுதான். கீரையை அலசினாலும் பிடி விடாது.

தோவாளைப் பக்கம் ஒரு பெண், ஞாபகசக்திக்காக, சானல் கரையில் பறித்த வல்லாரையைத் தினமும் காலையில் பச்சையாக மென்று தின்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடு குடலில் கரைகிறது. குஞ்சுப் புழு பித்தக்குழாய் வழியாக ஈரலுக்குப் போகும் என்றுதானே நினைப்போம்? அப்படியில்லை. குடல் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் வந்து, ஈரலின் மேலுறையைக் கிழித்து உள்ளே நுழைகிறது. அப்புறம் ஆறேழு வாரம் ஈரலைத் தின்றபடியே குடைந்துகொண்டு போகிறது.

அவருக்குக் காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழே வலியும் வருகின்றன. சி.டி. ஸ்கேனில் ஈரலின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளைந்து போகும் கருந்தடங்கள் தெரியும். சீழ்க்கட்டி, சில சமயம் புற்றுநோய் என்றுகூட சந்தேகம் வரும். மலப் பரிசோதனையில் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் குஞ்சுப் புழு முட்டை போடாது. பித்தக்குழாயை அடைந்து வளர்ந்த பிறகே, அதாவது கீரை தின்று மூன்று நான்கு மாதம் கழித்தே, முட்டை வெளிவரும். அதற்கு முந்தைய இந்தக் கட்டத்தில் துப்பு கொடுப்பது ரத்தத்தில் எகிறி நிற்கும் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள்தான். அதைப் பார்த்ததும் 'பச்சைக் கீரை தின்றீர்களா' என்று கேட்டு, எலிசா என்ற ரத்தப் பரிசோதனை செய்தால் பிடிபட்டுவிடும்.

சரி, வழக்கமான பூச்சி மாத்திரை போதாதா? அல்பெண்டசோல் இந்தப் புழுவிடம் சரியாக எடுபடாது. மற்ற பல தட்டைப்புழுக்களைக் கொல்லும் பிராசிகுவாண்டலும் தோற்றுப்போகிறது, அதன் காரணம்தான் எனக்குப் பெரிய வியப்பு. அந்த மருந்து புழுவின் உடலில் ஒரு கால்சியம் வாயிலைப் பிடித்துத் திறந்தே வைத்துவிடும். தசை இறுகிப் புழு செயலிழக்கும். ஃபாசியோலாவுக்கும் அந்த வாயில் உண்டு. ஆனால் மருந்து உட்காரும் குழியில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் மருந்துக்குப் பிடிமானம் இல்லை.

ஆகவே டிரைகிளாபெண்டசோல் வேண்டும். முட்டையிடும் பெரிய புழுவை மட்டுமல்ல, ஈரலைக் குடைந்துகொண்டிருக்கும் குஞ்சையும் அது கொல்லும். கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் கணக்கு. அந்தப் பெண் 60 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 600, அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை ஏறக்குறைய இரண்டரை. 12 மணி நேரம் கழித்து இன்னொரு வேளை. மருந்து ரத்தத்தில் நன்றாகச் சேர, வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போட வேண்டும். நாள்பட்ட நோயாளிக்குச் சில நாளில் சுருக்கென்று வயிற்றுவலி வரலாம். செத்த புழுக்கள் பித்தக்குழாய் வழியாக இறங்கும் வலி அது.