ஓய்கோடைப் – வட்டார வகை

ஒரே நகைச்சுவைத் துணுக்கு ஊர் ஊராகப் போகும்போது ஆள் மாறும், இடம் மாறும், சில வேளைகளில் பொருளே மாறும். ஒரு பகுதி மக்களிடம் அப்படி மாறி, அங்கே பலர் வாயிலும் ஒரே மாதிரி நிலைத்துவிட்ட வடிவத்தை நாட்டார் வழக்காற்றியலில் ‘ஓய்கோடைப்’ என்கிறார்கள்.

இது செடிகளைப் பற்றிய படிப்பிலிருந்து வந்த சொல். சுவீடனைச் சேர்ந்த தாவரவியலாளர் யோத்தே டூரெசன் கடற்கரை, மலை, காடு எனப் பல இடங்களிலிருந்து ஒரே இனச் செடிகளைக் கொண்டுவந்து ஒரே தோட்டத்தில் வளர்த்தார். மண்ணும் நீரும் ஒன்றாகிவிட்ட பிறகும் அவற்றில் பல, பிறந்த இடத்தின் இயல்பை விடவில்லை. கடற்கரையில் படர்ந்து வளர்ந்தது தோட்டத்திலும் படர்ந்தே வளர்ந்தது. இடத்துக்கேற்ப அமைந்து, அந்த இயல்பில் ஊன்றிவிட்ட இத்தகைய வகைக்கு 1922-இல் அவர் ‘ஈகோடைப்’ என்று பெயரிட்டார். வீடு, வாழிடம் என்று பொருள்படும் ‘ஓய்க்கோஸ்’, அச்சு, மாதிரி என்று பொருள்படும் ‘டூப்போஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்களே இதன் வேர். சில ஆண்டுகளில் அதே நாட்டின் நாட்டார் வழக்காற்றியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் சிடோவ் இந்தச் சொல்லை ‘ஓய்கோடைப்’ என்ற வடிவில் கதைகளுக்கு எடுத்துக்கொண்டார்.

அவர் அதை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நீரில் எறிந்த கல்லின் அலைபோலக் கதைகள் பிறந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் தாமாகப் பரவுகின்றன என்று அந்நாளைய ஆய்வாளர் பலர் எண்ணினர். சிடோவ் அதை மறுத்தார். ஓர் ஊரில் கதை தெரிந்தவர்கள் பலர், எடுத்துச் சொல்பவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் இடம்பெயர்ந்தால்தான் கதை நகரும். சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. சொல்பவர் தடம் மாறினால் “அப்படியில்லையே, இப்படித்தானே” என்று திருத்துபவர்கள் அவர்கள்தான். இந்தத் திருத்தம்தான் ஒரு பகுதிக்குள் கதையை ஒரே வடிவில் நிறுத்துகிறது. எல்லை தாண்டிப் போன கதைக்குப் பழைய திருத்துநர்கள் இல்லை. புதிய கேட்பவர்களின் பழக்கத்துக்கு ஏற்ப அது வளைந்து, அங்கே மறுபடி ஊன்றுகிறது.

நமக்கு நன்கு தெரிந்த துணுக்கு ஒன்றில் இதைப் பார்க்கலாம். பரமார்த்த குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாரும் அழுகிறார்கள். வழியே வந்தவன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, தனக்கு மந்திரம் தெரியும், காணாமல் போனவரை வரவழைக்கிறேன் என்று பணம் பேசுகிறான். பிறகு வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு அடி போட்டு எண்ணவைக்கிறான். ஆறு பேரும் கிடைத்துவிடுகிறார்கள். இதை 18-ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர்.

இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து அச்சில் வந்த கோத்தம் ஊர்க் கதைகளில் இதே துணுக்கு இருக்கிறது. அங்கே பன்னிரண்டு பேர் மீன்பிடிக்கப் போய், திரும்பும்போது பதினொன்று எண்ணுகிறார்கள். குதிரையில் வந்த அரசவைக்காரர் ஒருவர் கையிலிருப்பதையெல்லாம் கூலியாகப் பேசிக்கொண்டு, சாட்டையால் ஒவ்வொருவர் தோளிலும் அடித்துப் பன்னிரண்டாமவனைக் ‘கண்டுபிடித்து’த் தருகிறார். ஐரோப்பாவின் வேறு சில வடிவங்களில் அடி இல்லை. எல்லாரும் மூக்கை மணலிலோ சேற்றிலோ குத்தி, பிறகு குழிகளை எண்ணிக்கொள்கிறார்கள்.

இந்தியாவில் இதைவிடப் பழைய இன்னொரு தடமும் உண்டு. 14-ஆம் நூற்றாண்டு வித்யாரண்யரின் ‘பஞ்சதசி’யில் இது வேதாந்த உவமை. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் எண்ணியவனுக்கு ஒன்பதுதான் வருகிறது. வழிப்போக்கர் “நீயே பத்தாவது ஆள்” என்கிறார், அழுகை நிற்கிறது. இங்கே சிரிப்பு இல்லை, அடியும் இல்லை. தேடப்படுபவன் தேடுபவனேதான் என்பதைக் காட்டவே எண்ணிக்கைப் பிழை வருகிறது. ரமண மகரிஷி சொன்ன வடிவத்திலோ பத்து மூடர்களும் இருக்கிறார்கள், ஆளுக்கொரு அடியும் இருக்கிறது. துணுக்கின் உறுப்பும் உவமையின் கருத்தும் ஒரே கதையில் சேர்ந்துவிட்டன. இந்த மாற்றங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எலும்புக்கூடு ஒன்றே: ஒரு கூட்டம், ஓர் இடர், தன்னை விட்ட எண்ணிக்கை, வெளியாள். உலகக் கதைவகை அட்டவணையில் இதற்கு 1287 என்ற எண். எலும்புக்கூடு ஏன் மாறுவதில்லை? எண்ணியவன் தன்னை விட்டான் என்பது தவறினால் கேட்பவர் சிரிக்கமாட்டார். சிரிப்பு வராத துணுக்கை யாரும் அடுத்தவருக்குச் சொல்வதில்லை, அது அங்கேயே நின்றுவிடும். பெயர் தவறினால் எதுவும் கெடாது. அதனால்தான் ஆள் மட்டும் அவ்வளவு எளிதாக மாறுகிறார்.

ஆனால் யாரை வேண்டுமானாலும் அங்கே போட முடியாது. கேட்பவர்களுக்கு முன்பே மடமையோடு இணைத்துப் பழகிய பெயர்தான் நிற்கும். ஜெர்மனியில் ஷில்டா ஊர், டென்மார்க்கில் மோல்ஸ், யூதர்களிடம் ஹெல்ம். தமிழில் அந்த இடத்தில் ஓர் ஊர் அல்ல, ஒரு குருவும் சீடர்களும் நிற்கிறார்கள். ஊரைக் கேலிசெய்யும் கதை மடத்தைக் கேலிசெய்வதாகிவிட்டது. வெளியாளும் அப்படியே: கோத்தமில் அரசவைக்காரர், இங்கே மந்திரம் தெரியும் என்று சொல்லிக்கொள்பவன்.

நீங்கள் கேட்ட ஒரு துணுக்கு வட்டார வகைதானா என்று பார்க்க, முதலில் பெயர்களையெல்லாம் நீக்கி அதை மூன்று நான்கு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே பகுதியில் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டிராத பலரிடம் அதைச் சொல்லச் சொல்லி, இடம், நாள், சொன்னவரின் வயது, யாரிடம் கேட்டார் என்பவற்றோடு அவர் சொன்னபடியே பதிவுசெய்யுங்கள். ஒரே மாற்றம் பலரிடமும் வந்து, பக்கத்துப் பகுதியில் வராவிட்டால்தான் அது வட்டார வகை. ஒருவரிடம் மட்டும் வந்தால் அது அவருடைய கைவண்ணம். பெரும்பாலும் பிழை நேர்வது அச்சால். பாடப்புத்தகத்தில் படித்ததைப் பாட்டி சொன்னதாக நினைத்துச் சொல்பவர்கள் உண்டு. சீடர்களின் ஐந்து பெயரும் அதே வரிசையில் வந்தால் அச்சின் தடம் என்று சந்தேகிக்கலாம். கைப்பேசியில் வந்த துணுக்கில் இடமும் சொன்னவரும் அழிந்திருப்பதால் இந்த வேலைக்கு அது உதவாது. இன்னொன்று: இரண்டு வடிவங்கள் ஒத்திருப்பதாலேயே ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று ஆகாது. தன்னை விட்டு எண்ணுவது எங்கும் யாருக்கும் தோன்றக்கூடிய பிழை. சாட்டையடியும் கூலிப்பேச்சும்போல, தேவையில்லாத சின்ன விவரங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒத்துவந்தால்தான் உறவைப் பற்றிப் பேசலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘சூழல்வகை’ செடிக்குப் பொருந்தும், கதைக்கு வறண்டு ஒலிக்கிறது. ‘திணை வடிவம்’ அழகாக இருந்தாலும் ஐந்நிலத்தை நினைவூட்டிக் குழப்பும். ‘வடிவம்’ என்பதை ஒருவர் ஒருமுறை சொன்னதற்கு வைத்துக்கொள்வது நல்லது. பலரிடம் ஊன்றியதற்கு ‘வகை’தான் சரி, ‘கதைவகை’ என்பதோடும் ஒத்துப்போகும். முன்னொட்டாக ‘வட்டார’ வரலாம். சிடோவ் நிலப்பகுதியையே மனத்தில் கொண்டிருந்தார். பின்வந்தவர்கள் ஒரு நகரத்துக்குள் வாழும் ஒரு சமூகத்தின் வழக்குக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். ‘கொங்கு வட்டாரம்’ என்று நிலத்தையும் ‘திரைப்பட வட்டாரம்’ என்று ஆட்களையும் நாம் ஒரே சொல்லால் குறிப்பதால், ‘வட்டார வகை’ இரண்டு பொருளையும் தாங்கும்.